சோளகத்தில் திரும்பி வரும்போது அவியாத ஜேர்சி: துணி, பொக்கற், சிப் தெரிவுசெய்யும் முறை

யாழ்ப்பாணத்தில் சைக்கிளோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஜேர்சியைக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்று போட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். அங்கே எல்லா ஜேர்சியும் நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது வைகாசி, ஆனி மாதங்களில், காற்று முதுகுப் பக்கம் இருந்து அடிக்கும் நேரத்தில். அந்த நேரத்தை மனதில் வைத்து எப்படி வாங்குவது, உள்ளூரில் தைப்பிப்பதென்றால் என்ன எழுதிக் கொடுப்பது என்பதற்கான வழி இது.

1. முதலில் எந்த ஓட்டத்துக்கு என்று தீர்மானியுங்கள்

பண்ணையில் இருந்து குறிகட்டுவானுக்குப் போய்த் திரும்பும் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாக ஒரு பக்கம் சுமார் 30 கிலோமீற்றர். தாம்போதிகளில் நிழல் கிடையாது. போகும்போது முகம் தென்மேற்கைப் பார்த்திருக்கும், சோளகமும் அங்கிருந்துதான் வரும்.

காற்று மணிக்கு 20 கிலோமீற்றர் என்று வைப்போம். போகும்போது நீங்கள் 20 இல் மிதித்தால் உடம்பில் படும் காற்று 40. கஷ்டப்பட்டு மிதித்தாலும் உடம்பு அவியாது. திரும்பும்போது 28 இல் வருகிறீர்கள், காற்றும் உங்களோடு அதே பக்கம் 20 இல் வருகிறது. உடம்பில் படுவது வெறும் 8. வேகமாகப் போவது போல இருக்கும், ஆனால் அடுப்படியில் நிற்பது போல அவியும். வெயிலும் அதற்குள் ஏறிவிடும்.

ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் தோலில் இருந்து ஆவியாகப் போனால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். அதே வியர்வை சொட்டி நிலத்தில் விழுந்தால் உடம்பு குளிர்வதில்லை, தண்ணீர்தான் வீண். ஈரப்பதன் கூடிய காற்று ஏற்கனவே நீராவியால் நிறைந்திருப்பதால் வியர்வையை மெதுவாகத்தான் எடுக்கும். அப்படியான காற்றும் 8 கிலோமீற்றர் வேகத்தில்தான் படுகிறதென்றால், மிச்ச வேலையை ஜேர்சிதான் செய்யவேண்டும். ஆகவே ஜேர்சியைத் திரும்பும் பயணத்துக்கு வாங்குங்கள். போகும் பயணத்தில் எதைப் போட்டாலும் தாக்குப்பிடிக்கும்.

2. துணி: பெயரைப் பார்க்காதீர்கள், நிறுத்துப் பாருங்கள்

பருத்தி ரீசேட் வேண்டாம். பருத்தி நார் தண்ணீரைத் தனக்குள்ளேயே குடித்துக்கொள்ளும். அரை மணித்தியாலத்தில் ஈரச்சாக்கு மாதிரி முதுகில் ஒட்டும், பிறகு காய்வதற்கு நேரமில்லை. பொலியெஸ்ரர் நார் தண்ணீரை உள்ளே எடுப்பதில்லை. நார்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாகத்தான் ஈரம் வெளிப்பக்கத்துக்குப் போகும். எங்கள் காலநிலைக்கு அதுதான் வேண்டும். நைலோன் தொடுவதற்கு மெதுவாக இருக்கும், ஆனால் கொஞ்சம் கூடுதலாக ஈரம் பிடிக்கும். சூட்டால் சாயத்தை நாருக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சும் அதில் ஒழுங்காக ஏறாது.

'ட்ரை-பிற்' என்று கடையில் சொல்வதெல்லாம் ஒரே துணி அல்ல. உதைபந்தாட்ட உடுப்புக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் ஒரு சதுர மீற்றருக்கு 140 முதல் 180 கிறாம் வரை இருக்கும். மைதானத்தில் இடையிடையே நின்று மூச்சு வாங்கும் விளையாட்டுக்கு அது சரி. சைக்கிளுக்கு முன்பக்கமும் கைகளும் 100 முதல் 120 கிறாம் துணியில் இருக்கட்டும். கடைக்காரருக்கு எடை தெரியாவிட்டால் 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் துண்டொன்றை வெட்டி வாங்குங்கள். கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைக்கடை ஒன்றில் கேட்டால் தராசில் போட்டுச் சொல்வார்கள். 1.2 கிறாம் காட்டினால் அது 120 கிறாம் துணி. 1.7 காட்டினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எடை மட்டும் போதாது. அந்தத் துண்டிலேயே இன்னும் இரண்டு சோதனை செய்யலாம். துணியை வாயில் வைத்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையைப் பிடியுங்கள். காற்று தடையில்லாமல் கையில் படவேண்டும். பிறகு தோலில் படும் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில விநாடிகளுக்குள் அது பரவி மறைந்து, வெளிப்பக்கத்தில் உள்பக்கத்தை விடப் பெரிய ஈரவட்டம் தெரிந்தால் நல்ல துணி. சொட்டு முத்து மாதிரி உருண்டு நின்றால் வியர்வையும் அப்படித்தான் தோலுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. சில துணிகள் ஈரம் உறிஞ்சுவது மேலே பூசிய மருந்தால்தான். கடையில் சொட்டு உடனே மறையும், ஐந்தாறு தரம் தோய்த்தபின் உருண்டு நிற்கும். அதனால் துண்டைச் சோப்புப் போட்டு ஐந்து தரம் தோய்த்துக் காயவைத்த பிறகு திரும்பச் சொட்டு விட்டுப் பாருங்கள். ஒரு நாள் வேலைதான். இதைச் செய்யாமல் 20 பேருக்கு மொத்தமாகத் துணி எடுத்துவிட்டால் பிறகு யாரிடமும் போய்க் கேட்கமுடியாது.

எல்லா இடத்துக்கும் ஒரே துணி போடவேண்டாம். அக்குளில் இருந்து இடுப்பு வரையான பக்கப் பட்டைகளுக்கு நெட் துணி போடலாம், அங்கே வெயில் நேராகப் படாது. தோளிலும் மேல்முதுகிலும் நெட் துணி போடக்கூடாது. சைக்கிளில் குனிந்திருக்கும்போது சூரியன் நேராகப் பார்ப்பது அந்த இடத்தைத்தான், ஓட்டைகளின் கணக்குக்குத் தோல் கறுத்துப்போகும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் வெயிலையும் விடும், உள்ளே இருப்பதையும் காட்டும். வெளிர் மஞ்சள், வெளிர் சாம்பல், வெளிர் நீலம் அதைவிடப் பரவாயில்லை. கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கழகங்கள் அதைத்தான் அதிகம் தெரிவுசெய்கின்றன.

பெயரும் இலக்கமும் அடிப்பதென்றால் சப்ளிமேஷன் முறையிலேயே அடிப்பியுங்கள். அதில் சாயம் நாருக்குள் போய்விடும், துளைகள் திறந்தபடியே இருக்கும். இறப்பர் அச்சும் வெட்டி ஒட்டும் எழுத்தும் துணியை மூடிவிடும். முதுகு நிறைய இறப்பர் எழுத்து அடித்த ஜேர்சி, முதுகில் பொலித்தீன் கட்டியது மாதிரி.

3. அளவு: குனிந்துகொண்டு எடுங்கள்

உள்ளூர்த் தையலில் அடிக்கடி நடக்கும் பிழை, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே நீளத்தில் வெட்டுவது. அவர்களிடம் இருப்பது உதைபந்தாட்ட ஜேர்சியின் அச்சு. அதைப் போட்டுக்கொண்டு கைபிடியைப் பிடித்தால் வயிற்றில் துணி மடிந்து குவியும், பின்னால் இடுப்பு தெரியும். சைக்கிள் ஜேர்சிக்குப் பின்பக்கம் முன்பக்கத்தை விட 6 முதல் 8 சென்ரிமீற்றர் நீளமாக இருக்கவேண்டும்.

நெஞ்சளவு, இடுப்பளவு இரண்டையும் நேராக நின்று எடுக்கலாம். முதுகு நீளத்தை மட்டும் சைக்கிளில் ஏறி, கைகளை நீட்டிப் பிடித்தபடி எடுங்கள். கழுத்தின் பின்னெலும்பில் இருந்து, ஜேர்சி முடியவேண்டிய இடம் வரை ஒருவர் நாடா பிடிக்கவேண்டும். நாற்காலியில் பின்பக்கமாகத் திரும்பி இருந்து அதன் சாய்வைப் பிடித்துக்கொண்டு எடுத்தாலும் ஏறக்குறைய சரிவரும்.

துணி தோலைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும், ஆனால் இறுக்கக்கூடாது. தொடாத துணி வியர்வையை எடுக்காது. தொளதொளவென்றிருந்தால் போகும்போது காற்றில் படபடத்துப் பின்னால் இழுக்கும். பக்கவாட்டில் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், 2 சென்ரிமீற்றர் அளவு துணி கையில் வந்தால் போதும். போட்டிக்கு ஓடுகிறவர்களின் இறுக்கம் தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம்.

4. பொக்கற்: எங்கே, எவ்வளவு ஆழம், எதை எதில்

பொக்கற்றை முதுகின் கீழ்ப்பக்கத்தில், மூன்றாகப் பிரித்து வைப்பதுதான் வழக்கம். அதன் அடி ஜேர்சியின் கீழ் ஓரத்தோடு சேர்ந்தோ அதற்கு ஒரு விரல் மேலேயோ இருக்கவேண்டும். ஆழம் 16 முதல் 18 சென்ரிமீற்றர். இப்படித் தைத்தால் வாய் கடைசி விலாவெலும்பின் மட்டத்துக்கு வரும், கையைப் பின்னால் கொண்டுபோனால் முழங்கையை முறுக்காமல் விரல் உள்ளே போகும். அதைவிட மேலே வைத்தால் ஓடிக்கொண்டே எதையும் எடுக்கமுடியாது. 12 சென்ரிமீற்றரில் நிறுத்தினால் அல்லைப்பிட்டி வீதியின் குலுக்கலில் போன் வெளியே பாயும்.

ஈரப்பதனுக்கும் பொக்கற்றுக்கும் தொடர்பு இருக்கிறது. முதுகெலும்பு வழியாக வழியும் வியர்வை எல்லாம் வந்து சேருவது இந்த இடத்தில்தான், இங்கே துணியோ இரண்டு மடிப்பு. அதற்குள் பொருளையும் வைத்தால் அந்த இடம் மூச்சுவிடாது. ஆகவே மூன்று பொக்கற்றையும் நிரப்பவேண்டாம். பொக்கற்றை இடுப்பைச் சுற்றி விலாப்பக்கம் வரை இழுத்துத் தைப்பதும் வேண்டாம். பக்கப் பட்டையின் நெட் துணி திறந்தே இருக்கட்டும்.

குறிகட்டுவான் ஓட்டத்துக்கு எடுத்துப்போவதை ஒரு கணக்குப் பார்ப்போம். சைக்கிளில் இரண்டு தண்ணீர்ப் போத்தல், முதுகில் மூன்றாவதாக அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று. அது ஏறக்குறைய 520 கிறாம். போன் 200, ரியூப்பும் ரயர் கழற்றும் நெம்புகோலும் 150. மொத்தம் 900 கிறாமுக்குக் கிட்ட. போத்தல் நடுவில் இருக்கவேண்டும், பக்கத்தில் வைத்தால் ஜேர்சி முழுவதும் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு போகும். அந்தப் போத்தலை முதலில் குடித்து முடியுங்கள். குறிகட்டுவானுக்குப் போய்ச் சேரும்போது அது வெறுமையாகிவிட்டால், திரும்பும்போது முதுகின் நடு திறந்திருக்கும். கைப்பம்பு, சாவி போன்ற கடினமானவற்றை நடுவில் வைக்கக்கூடாது. விழுந்தால் முதுகெலும்பில் குத்தும். போனைச் சிறிய பொலித்தீன் பையில் சுற்றிப் பக்கப் பொக்கற்றில் வையுங்கள். மழையில்லாத நாளிலும் வியர்வை அதை நனைக்கும். அடையாள அட்டைக்கும் காசுக்கும், நடுப் பொக்கற்றின் மேல் சிறிய சிப் பொக்கற் ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

முன்பக்கத்துக்கு எடுத்த 110 கிறாம் துணியிலேயே பொக்கற்றையும் தைத்தால் அது 900 கிறாமுக்கு இழுபட்டுத் தொங்கும். பின்பக்கத்தின் கீழ்ப்பாதிக்கும் பொக்கற்றுக்கும் 140 முதல் 150 கிறாம் வரையான, அதிகம் இழுபடாத துணி போடுங்கள். பொக்கற் வாயில் இலாஸ்ரிக் வரவேண்டும். பொக்கற்களைப் பிரிக்கும் தையல்களின் மேல்முனையில் குறுக்கே நெருக்கமாக அடித்த தையல் வேண்டும், முதலில் பிய்வது அந்த முனைதான்.

சோதனை எளிது. ஜேர்சியைப் போட்டு, நடுவில் நிறைந்த அரை லீற்றர்ப் போத்தலை வைத்துப் பத்துத் தரம் குதியுங்கள். கீழ் ஓரம் 3 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கினால் எடுக்காதீர்கள். எழும்பி நின்று மிதித்துவிட்டுத் திரும்ப இருக்கும்போது அந்த ஓரம் இருக்கையின் மூக்கில் மாட்டும்.

5. சிப்: முழுநீளம்தான்

கால் சிப் 15 முதல் 20 சென்ரிமீற்றர், அரைச் சிப் 25 முதல் 30, முழுச் சிப் ஆளின் உயரத்தைப் பொறுத்து 50 முதல் 60. கால் சிப் திறந்தால் கழுத்துக்கு மட்டும்தான் காற்று. அரைச் சிப் நெஞ்சின் நடு வரை. அதற்குக் கீழே துணி ஈரத்தோடு வயிற்றில் ஒட்டியபடியே இருக்கும். திரும்பும் பயணத்தில் படும் அந்த 8 கிலோமீற்றர்க் காற்று உள்ளே போய்ப் பக்கங்களால் வெளியேறவேண்டுமென்றால் வயிறு வரை திறக்கவேண்டும். நனைந்த ஜேர்சியைத் தலைக்கு மேலால் கழற்றுவதும் பெரிய பாடு. தோள்பட்டி வைத்த காற்சட்டை போடுகிறவர்கள் மலசலகூடத்துக்குப் போகவேண்டி வந்தால் அதைக் கட்டாயம் கழற்றவேண்டும்.

முழுச் சிப் இருந்தாலும் முழுவதும் திறக்காதீர்கள். கீழே ஒரு சாண் மூடியிருக்கட்டும். அதையும் திறந்தால் பின்பொக்கற்றின் பாரம் ஜேர்சியைப் பின்னால் இழுத்துத் தோளில் இருந்து இறக்கிவிடும், முன்விளிம்புகள் முழங்காலில் தட்டும். எதிர்க்காற்றில் நெஞ்சு வரை மூடுங்கள், இல்லாவிட்டால் பலூன் மாதிரி ஊதும். குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் போகும் அடியார்கள் படகுக்கு நிற்பார்கள். இறங்குதுறைக்கு முன்னாலேயே சிப்பை மேலே ஏற்றிவிடுவது மரியாதை. பெண்கள் உள்ளே விளையாட்டு மேலுள்ளாடைக்கு மேல் மெல்லிய நெட் கையில்லாச் சட்டை ஒன்று போட்டால் சிப்பைத் தயக்கமில்லாமல் இறக்கலாம்.

பல்லு நைலோன் சுருளாக இருக்கவேண்டும். உலோகப் பல்லு எங்கள் உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் பச்சை பிடித்து இறுகிவிடும். தலைப்பகுதி எப்படியும் உலோகம்தான், அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். இறுகினால் மெழுகுதிரியைப் பல்லில் மேலும் கீழுமாகத் தேய்த்தால் போதும், எண்ணெய் பூசினால் தூசி பிடிக்கும். பாதியில் விட்ட இடத்திலேயே நிற்கும் பூட்டுத்தலை வேண்டும். சாதாரணப் பைச் சிப் குலுக்கலில் தானாக இறங்கும். உள்பக்கம் சிப்பின் நீளத்துக்கு ஒரு விரல் அகலத் துணிப்பட்டையும், கழுத்தில் தலை போய் ஒளிந்துகொள்ள ஒரு மடிப்பும் கேளுங்கள். இல்லாவிட்டால் தொண்டையில் உரசிப் புண்ணாக்கும்.

தைக்கும்போது நடக்கும் பிழை ஒன்றைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். துணி இழுபடும், சிப் நாடா இழுபடாது. தைப்பவர் துணியை இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டால் பிறகு அது சுருங்கி, சிப் பாம்பு மாதிரி நெளியும். குனிந்தால் வயிற்றில் மேடு கட்டும். ஜேர்சியை மேசையில் விரித்துச் சிப்பை மூடிப் பாருங்கள், நேர்க்கோடாகக் கிடக்கவேண்டும். நெளிந்தால் பிரித்து, விளிம்பில் ஒட்டுநாடா வைத்துத் திரும்பத் தைக்கச் சொல்லுங்கள்.

6. தைப்பிக்கும்போது கையில் இருக்கவேண்டிய தாள்

வாயால் சொல்வது நிற்காது. ஒரு தாளில் இவற்றை எழுதி, ஐந்து தரம் தோய்த்த துணித் துண்டை அதில் குத்தி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்:

முன்பக்கம், கை: பொலியெஸ்ரர், 110 கிறாம்
பக்கப் பட்டை: நெட்
பின்பக்கக் கீழ்ப்பாதி, பொக்கற்: 150 கிறாம்
பின்நீளம்: முன்நீளத்தை விட 7 செ.மீ. கூட
பொக்கற்: 3, ஆழம் 17 செ.மீ., மேலே சிறிய சிப் பொக்கற் 1
சிப்: முழுநீளம், நைலோன் சுருள், பூட்டுத்தலை, உள்பட்டை
அச்சு: சப்ளிமேஷன் மட்டும்

விலையை ஒரே தொகையாக வாங்காதீர்கள். துணி, அச்சு, தையல், சிப் நான்கையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் முழுச் சிப்புக்குக் கூடும் காசு மொத்தத்தில் சிறிய பங்கு என்பதும், பொக்கற் தையலுக்கே கூடுதல் நேரக்கூலி போகிறது என்பதும் தெரியும். ஒருவருக்குத் துணி 150 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒன்றேகால் மீற்றர் வரை போகும். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், அதில் 'மாதிரி ஜேர்சி சரிவந்த பிறகே மிச்ச ஜேர்சிகளை வெட்டுவது' என்ற வரி இருக்கவேண்டும்.

வெளிநாட்டில் இருந்து எடுப்பதென்றால், சுங்கவரி ஜேர்சியின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்கே கணக்கிடப்படும் என்பதை மறக்கவேண்டாம். மலிவாகத் தெரிந்தது வீட்டுக்கு வரும்போது மலிவாக இருக்காது. அளவு பிழைத்தால் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதுதான். முதல் ஜேர்சியை உள்ளூரில் போட்டுப் பார்த்து எடுப்பது நல்லது.

7. நாள் கணக்கு

பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டிக் காலமான தை, மாசியில் அச்சுக்கடைகள் நிறைந்து வழியும். நல்லூர்த் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில் தையல்காரர்களைப் பிடிக்கமுடியாது. சோளகத்துக்கு ஜேர்சி வேண்டுமென்றால் பங்குனி முதல் வாரத்தில் தாளைக் கொடுங்கள். மாதிரிக்கு ஒரு கிழமை விடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு ஓட்டம் ஓடுங்கள், இரண்டும் 40 கிலோமீற்றருக்குக் குறையக்கூடாது, ஒன்றிலாவது திரும்பும்போது காற்று முதுகுப்பக்கம் இருக்கவேண்டும். ஓடி வந்து கழற்றியவுடன் கையால் பிழிந்து பாருங்கள். நெஞ்சுப் பக்கத்தில் இருந்து தண்ணீர் ஒழுகினால் துணி தடிப்பு. பொக்கற் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஒழுகுவது வழமை. அக்குளிலோ கழுத்திலோ சிவந்த கோடு இருந்தால் அந்தத் தையலை மாற்றச் சொல்லுங்கள். திருத்திய மாதிரி கைக்கு வந்த பிறகு மிச்சத்துக்கு இன்னும் இரண்டு கிழமை.

8. தோய்ப்பது

வந்தவுடன் அலசுங்கள், நனைந்தபடி பைக்குள் போட்டுவைத்தால் மணம் நாருக்குள் ஏறி நிற்கும். துணி மெதுவாக்கும் திரவம் ஒருபோதும் வேண்டாம், அது நாரில் படலமாகப் படிந்து ஈரம் போகும் சந்துகளை அடைத்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், சோப்பு லேசில் போகாது. குறைந்த சோப்பும் இரண்டு தரம் அலசுவதும் நல்லது. நிழலில் காயவையுங்கள், ஸ்திரிக்கை வைக்கவேண்டாம், சூடு இலாஸ்ரிக்கைக் கொன்றுவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் அந்தச் சொட்டுத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். சொட்டு உருளத் தொடங்கினால் வெந்நீரில்லாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து நன்றாக அலசிவிட்டுத் திரும்பப் பாருங்கள். அப்போதும் உருண்டால் அந்த ஜேர்சியை மாரி காலத்துக்கு ஒதுக்கிவிட்டு, சோளகத்துக்குப் புதிதாக ஒன்று தைப்பியுங்கள்.